இரவில் குறட்டை, பகலில் குறும்பு

1889இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வில்லியம் ஹில் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். மந்தம், சோம்பேறி என்று பள்ளியில் முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளைப் பற்றியது அது. அவர்களில் சிலர் வாயால் மூச்சுவிடுகிறார்கள், இரவில் குறட்டை விட்டுப் புரண்டு புரண்டு படுக்கிறார்கள், காலையில் வறண்ட வாயோடு எழுகிறார்கள் என்பதை ஹில் கவனித்திருந்தார். மூக்குக்குப் பின்னால் இருந்த அடைப்பைச் சரிசெய்ததும் சிலருடைய மந்தமும் குறைந்தது. பள்ளி மருத்துவர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். பிறகு அந்தக் கவனிப்பு ஏறக்குறைய மறந்துபோனது. பிள்ளைகளுக்கும் தூக்கத்தில் மூச்சுத்தடை வரும் என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தியான் கில்லெமினோ குழுவினர் 8 குழந்தைகளை ஆராய்ந்து எழுதியது 1976இல்தான்.

ஹில் பார்த்த அதே பிள்ளை இன்று வந்தால் அவனை மந்தம் என்று யாரும் சொல்வதில்லை. "ஏ.டி.எச்.டி. இருக்குமோ?" என்று கேட்கிறார்கள். கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த இந்த மூளை வளர்ச்சிக் குறைபாட்டுக்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதை வைத்துத்தான் நோய் தீர்மானிக்கப்படுகிறது. கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்குமாக 9 அறிகுறிகள். இரண்டு பட்டியல்களில் ஏதேனும் ஒன்றில் 6 பொருந்த வேண்டும். அவை வீட்டிலும் பள்ளியிலும் என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், 6 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும், சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

பட்டியலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சொன்னதைக் கேட்காததுபோல் இருப்பது, எடுத்த வேலையை முடிக்காதது, பொருட்களைத் தொலைப்பது, நாற்காலியில் நெளிவது, முறை வரும்வரை காத்திருக்க முடியாதது. சரியாகத் தூங்காத எந்தப் பிள்ளையும் இவற்றில் பாதியைச் செய்யும். உடலில் இரும்புச் சத்து வற்றிய பிள்ளையும், தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் பிள்ளையும் செய்யும். பட்டியல் நடத்தையை எண்ணுகிறது. அந்த நடத்தை எங்கிருந்து வருகிறது என்று அது கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் மருத்துவர்.

அவர் எதை முதலில் கேட்பது? நம் ஊர்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: பிள்ளைக்குப் படிப்பில் கவனம் இல்லை என்றதும் தைராய்டு பார்க்கச் சொல்கிறார்கள், இல்லையென்றால் பெற்றோரே ஆய்வகத்தில் பார்த்துவிட்டு வருகிறார்கள். குறட்டையைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. என் கணிப்பில் வரிசை தலைகீழாக இருக்கிறது. அதிகம் செய்யப்படும் சோதனையில்தான் கிடைப்பது மிகக் குறைவு. எந்தச் செலவும் இல்லாத கேள்வியில்தான் கிடைப்பது அதிகம்.

முதலில் தொண்டையைப் பார்ப்போம். நாம் விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் மூச்சுக்குழலின் மேற்பகுதியைத் திறந்து பிடித்திருக்கின்றன. தூங்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. 2 வயதிலிருந்து 8 வயது வரை டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும் தொண்டையின் அளவோடு ஒப்பிட்டால் மிகப் பெரிதாக இருக்கும் காலம். மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்று பேச்சு வழக்கில் பெரும்பாலும் குறிப்பிடப்படுவது இந்த அடினாய்டைத்தான். இடம் ஏற்கெனவே குறுகியிருக்க, தசையும் தளர, ஊறிப்போன காகித ஸ்ட்ராவை உறிஞ்சும்போது பக்கங்கள் ஒட்டிக்கொள்வதுபோல் மூச்சுவழி ஒட்டிக்கொள்கிறது. பிள்ளை மூச்சை இழுக்கிறது, காற்று வருவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை சில நொடிகளுக்கு விழித்து, தசையை இறுக்கி, வழியைத் திறந்துவிடுகிறது. பிள்ளை கண்ணைத் திறப்பதில்லை, காலையில் எதுவும் நினைவிருக்காது. ஆனால் மணிக்கு ஏழெட்டுத் தடவை இப்படி நடந்தால் அந்த இரவு தூங்கிய இரவு ஆகாது.

பெரியவருக்கு இதே தடை வந்தால் பகலில் தூங்கி விழுவார். பேருந்தில் உட்கார்ந்ததும் தலை சாயும். பிள்ளைகளில் பலர் தூங்கி வழிவதில்லை. இன்னும் வேகமாக ஓடுகிறார்கள். தூக்கக் கலக்கத்தை அசைவால் எதிர்க்கிறார்கள் என்பது ஒரு விளக்கம். துண்டுபட்ட தூக்கம் முதலில் பாதிப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியை. அசைவை அடக்குவதும், காத்திருப்பதும், ஒரு வேலையை மனதில் பிடித்துவைப்பதும் அதன் பொறுப்பு என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் சேர்ந்து நடக்கலாம். நள்ளிரவுவரை விழித்திருந்த கல்யாண வீட்டில் பிள்ளைகள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இந்த வயதுப் பிள்ளைகளில் 100 பேருக்கு 1 முதல் 5 பேருக்கு இந்த மூச்சுத்தடை இருக்கிறது. வெறும் குறட்டை மட்டும் உள்ளவர்கள் அதைவிட அதிகம். எனவே குறட்டை விடும் எல்லாப் பிள்ளைக்கும் நோய் இல்லை. சளி பிடித்த இரண்டு நாள் குறட்டையைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. சளி இல்லாத நாட்களிலும், வாரத்தில் மூன்று இரவுக்கு மேல், பக்கத்து அறைவரை கேட்கும் குறட்டை என்றால் கவனிக்க வேண்டும். அதோடு வாயைத் திறந்து தூங்குவது, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுப்பது, தலையணை நனையும் வியர்வை, காலையில் தலைவலி, படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி நனைப்பது ஆகியவையும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது.

இதில் பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "குறட்டை விடுவான், ஆனா மூச்சு நிக்கறதெல்லாம் இல்லை, நான் பாத்தேன்" என்பார்கள். பார்த்த நேரம் இரவு பத்து, பத்தரை. பிள்ளைகளுக்கு மூச்சுத்தடை பெரும்பாலும் கனவுத் தூக்கத்தில் வருகிறது. அந்தத் தூக்கம் இரவின் கடைசிப் பங்கில்தான் அதிகம். விடியற்காலை நாலு மணிக்குக் கைபேசியில் சில நிமிடம் காணொளி எடுத்தால் தெரிவது பத்து மணிக்குத் தெரியாது. சட்டையைத் தூக்கிவிட்டு எடுக்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு உள்ளே போய் வயிறு வெளியே வருகிறதா என்று மருத்துவர் பார்க்க விரும்புவார். இன்னொன்று: குழந்தைகளில் முழுத் தடை இல்லாமல், நீண்ட நேரம் பாதி அடைத்த மூச்சாகவே ஓடுவதும் உண்டு. அப்போது மூச்சு நிற்பதைப் பார்க்கவே முடியாது.

இனி ஒரு பிள்ளையின் கணக்கைப் பார்ப்போம். பல பிள்ளைகளிடம் காணக்கூடிய விவரங்களைக் கோத்து நான் அமைத்த பிள்ளை இவன். கதிர் என்று வைத்துக்கொள்வோம். வயது 7, இரண்டாம் வகுப்பு, எடை 20 கிலோ. ஆசிரியர் நிரப்பிய படிவத்தில் கவனக்குறைவில் 9க்கு 7, துறுதுறுப்பில் 9க்கு 6. அம்மா நிரப்பியதும் ஏறக்குறைய அதேதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏ.டி.எச்.டி. என்று எழுதிவிடலாம். கையில் ஆய்வகத் தாள் ஒன்றும் இருக்கிறது: டி.எஸ்.எச். 5.1, பக்கத்தில் தடித்த எழுத்தில் அதிகம் என்ற குறி. அம்மா பயந்துபோயிருப்பது அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

மருத்துவர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, பையன் யாரோடு படுக்கிறான் என்று கேட்கிறார். பாட்டியோடு. பாட்டியும் வந்திருக்கிறார்.

"ராத்திரி எப்படிம்மா தூங்குறான்?"

"எங்க டாக்டரம்மா தூங்குறான், பாய விட்டு உருண்டு கதவுகிட்ட போயிடுறான். அவங்க தாத்தா மாதிரியே குறட்டை. கால் குடையுது, அமுக்கிவிடு பாட்டின்னு படுத்த உடனே ஆரம்பிச்சிடுவான்."

"டீ குடிப்பானா?"

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. சோறுதான் ஒழுங்கா திங்கமாட்டான்."

அம்மா இவற்றில் எதையும் சொல்லியிருக்கவில்லை. மறைத்ததல்ல; குறட்டைக்கும் கணக்குப் பாடத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்கு ஏன் தோன்ற வேண்டும்? பிள்ளையின் இரவை அறிந்தவர் யாரோ அவரிடம் கேட்காமல் இந்த நோயைப் பிடிக்க முடியாது. நம் வீடுகளில் அது பல சமயம் பாட்டி.

தொண்டையைப் பார்த்தால் டான்சில் இரண்டும் நடுவை நோக்கி நன்றாகவே நீண்டிருக்கின்றன. ஆனால் டான்சிலின் அளவை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாது. பெரிய டான்சிலோடு நன்றாகத் தூங்கும் பிள்ளைகள் உண்டு, சிறிய டான்சிலோடு திணறும் பிள்ளைகளும் உண்டு. உறுதிசெய்வது ஸ்லீப் ஸ்டடி எனப்படும் இரவு முழுக்கச் செய்யும் தூக்க ஆய்வு. மூளை அலை, மூச்சு, நெஞ்சசைவு, ஆக்சிஜன் எல்லாம் பதிவாகும். மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபட்டது அல்லது குறைந்தது என்பதே விடை. இங்கே ஒரு விஷயம் முக்கியம். பெரியவருக்கு மணிக்கு 5க்குக் கீழ் என்றால் இயல்பு. பிள்ளைகளுக்கு 1ஐத் தொட்டாலே இயல்பு இல்லை. பெரியவர்களுக்கு மட்டும் பார்த்துப் பழகிய இடத்தில் ஆய்வு செய்தால், மணிக்கு 4 தடை உள்ள பிள்ளைக்கும் பிரச்சினை இல்லை என்று அறிக்கை வந்துவிடக்கூடும்.

கதிருக்கு மணிக்கு 8. ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 86 விழுக்காடுவரை இறங்கியிருக்கிறது. தூக்க ஆய்வு செய்யும் வசதி எல்லா ஊரிலும் இல்லை. அது கிடைக்காதபோது இரவு முழுக்க விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரின் பதிவைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்ப்பதுண்டு. அதில் ஆக்சிஜன் கொத்துக்கொத்தாக இறங்கியிருந்தால் நோயை நம்பலாம். இறங்காவிட்டால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் ஆக்சிஜன் இறங்குமுன்பே மூளை விழித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

டான்சிலையும் அடினாய்டையும் எடுத்துவிட்டால் துறுதுறுப்பு போய்விடுமா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் செர்வின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அறுவைக்குக் காத்திருந்த 78 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். 22 பேருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகத் தீர்மானிக்கப்பட்டது. அறுவை முடிந்து ஓராண்டு கழித்து அந்த 22 பேரில் 11 பேர் ஏ.டி.எச்.டி. வரையறைக்குள் வரவில்லை. சரிபாதி. இந்த எண்ணைச் சிலர் பாதிப் பேருக்குக் குணமானது என்று சொல்வார்கள். பாதிப் பேருக்கு மாறவில்லை என்பதும் அதே எண்தான்.

அதைவிடக் கடுமையான சோதனை 2013இல் வந்தது. அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுவரையுள்ள 464 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே அறுவை, மறுபாதிக்குப் பொறுத்திருந்து பார்ப்பது என்று வைத்து, 7 மாதம் கழித்து ஒப்பிட்டார்கள். பெற்றோரும் ஆசிரியரும் சொன்ன நடத்தை அறுவைக்குப் பிறகு தெளிவாக மேம்பட்டிருந்தது. தூக்கமும் மேம்பட்டது. ஆனால் பிள்ளையை உட்காரவைத்து அளந்த கவனத் தேர்வில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறுவை நடந்தது பெற்றோருக்குத் தெரியும், அந்த எதிர்பார்ப்பு அவர்கள் தந்த மதிப்பெண்ணில் கொஞ்சம் கலந்திருக்கலாம். இன்னொரு பாடமும் அதில் இருந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 79 விழுக்காட்டினருக்குத் தூக்க ஆய்வு இயல்பானது. காத்திருந்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கும் அது தானாகவே இயல்பானது. பிள்ளை வளர வளரத் தொண்டையும் வளர்கிறது. ஆகவே லேசான தடைக்கு உடனே கத்தி எடுக்க வேண்டியதில்லை. மூக்கு ஒவ்வாமைக்கான ஸ்டீராய்டு ஸ்பிரே, எடை கூடிய பிள்ளைக்கு எடைக் குறைப்பு, சில மாதக் கண்காணிப்பு என்று போகலாம். மணிக்கு 8 தடையும் 86 விழுக்காடு ஆக்சிஜனும் லேசானவை அல்ல என்பதால் கதிருக்கு அறுவை சரியான முடிவு.

பாட்டி சொன்ன இரண்டாவது விஷயம், கால் குடைச்சல். இதை வளரும் வயசு வலி என்று ஒதுக்குவது எளிது. ஓய்வில் கூடும், மாலையிலும் இரவிலும் கூடும், அசைத்தால் அல்லது அமுக்கினால் குறையும் என்றால் அது அமைதியற்ற கால்கள் என்னும் நோயாக இருக்கலாம். எறும்பு ஊறுகிறது, இழுக்கிறது என்று பிள்ளைகள் அவரவர் சொல்லில் சொல்வார்கள். இந்தப் பிள்ளைக்குத் தூக்கம் தள்ளிப்போகிறது. பகலில் வகுப்பில் சும்மா உட்காரச் சொன்னால் காலை ஆட்டாமல் இருக்கவும் முடிவதில்லை. ஆசிரியர் பார்ப்பது நெளியும் பிள்ளையைத்தான்.

இதன் பின்னால் அடிக்கடி இருப்பது இரும்புச் சத்துக் குறைவு. மூளையில் டோபமின் உருவாகும் முதல் படியைச் செய்யும் நொதிக்கு இரும்பு வேண்டும். ஏ.டி.எச்.டி. மருந்துகள் கூட்டுவதும் டோபமினின் செயலைத்தான் என்பதால் ஆய்வாளர்கள் இரும்பின் பக்கம் திரும்பினார்கள். இங்கே பலரும் தவறவிடுவது ஒன்றுண்டு. உடலில் இரும்பு குறையும்போது முதலில் காலியாவது சேமிப்பு; அதைக் காட்டுவது ஃபெரிட்டின். அதன்பின் சிவப்பணுக்கள் சிறிதாகும். ஹீமோகுளோபின் குறைவது கடைசியில். ஆகவே ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, ரத்தசோகை இல்லை என்ற அறிக்கை, சேமிப்பில் இரும்பு இருக்கிறது என்று பொருள் தராது. ஃபெரிட்டினைத் தனியாகக் கேட்க வேண்டும். காய்ச்சலோ தொற்றோ இருக்கும் வாரத்தில் எடுக்கக் கூடாது, அப்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும்.

ரத்தசோகை நமக்கு அரிய நோயல்ல. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு, 5 வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்றது. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் வந்த கணக்கு அது. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்த 2016–18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் அந்த வயதினருக்கு 41, பள்ளி வயதினருக்கு 24 விழுக்காடுதான் வந்தது. குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் வகுப்பில் நாலு பிள்ளைக்கு ஒன்று. இவ்வளவு பரவலாக இருப்பதாலேயே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது: கவனக்குறைவுள்ள பிள்ளைக்கு ரத்தசோகையும் இருந்தால், ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. தற்செயலாகவே இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு அதிகம்.

கதிருக்கு ஹீமோகுளோபின் 11.2. அவன் வயதுக்கு 11.5 வேண்டும். சிவப்பணுக்கள் சிறியவை, ஃபெரிட்டின் 9. அந்த வயதில் 15க்குக் கீழ் என்றால் சேமிப்பு காலி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். கால் குடைச்சல் உள்ள பிள்ளைக்கு 50க்குக் கீழ் இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள் அந்நோயின் வல்லுநர்கள். சிவப்பணு சிறிதாகி, ஃபெரிட்டின் மட்டும் நன்றாக இருந்திருந்தால் கதை வேறு. அது தலசீமியா மரபணுவைச் சுமப்பதன் அடையாளமாக இருக்கலாம், இரும்பு கொடுத்துப் பயனில்லை. கதிருக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் இரும்பு. டீயை நிறுத்த வேண்டும் அல்லது உணவிலிருந்தும் மருந்திலிருந்தும் தள்ளிவைக்க வேண்டும், ஏனென்றால் டீ இரும்பைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் மருந்து உள்ளே போகவில்லை, அல்லது குடற்புழுவாலோ வேறு எதனாலோ ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. ஹீமோகுளோபின் சரியானதும் மருந்தை நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. சேமிப்பு நிரம்ப மூன்று மாதமாவது வேண்டும்.

இரும்பு கொடுத்தால் கவனம் திரும்புமா? பாரிஸில் எரிக் கோனோஃபால் குழு 2008இல் வெளியிட்ட சோதனையில், ரத்தசோகை இல்லாத, ஆனால் ஃபெரிட்டின் 30க்குக் கீழ் இருந்த ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு 12 வாரம் இரும்பு கொடுத்தார்கள். ஓர் அளவுகோலில் அறிகுறிகள் குறைந்தன. பெற்றோர், ஆசிரியர் நிரப்பிய இன்னோர் அளவுகோலில் தெளிவான மாற்றம் இல்லை. இருந்தது 23 பிள்ளைகள் மட்டுமே. அதை வைத்து இரும்பு ஏ.டி.எச்.டி. மருந்து என்று யாரும் சொல்ல முடியாது. குறைவு இருக்கிறது, அதனால் கொடுக்கிறோம், அவ்வளவே. ஃபெரிட்டின் நன்றாக உள்ள பிள்ளைக்கு மூளைக்கு நல்லது என்று இரும்பு மாத்திரை கொடுப்பதில் பயனில்லை. அதிகமாக விழுங்கினால் அது சிறு பிள்ளையின் உயிரைக்கூட எடுக்கும் என்பதால் அலமாரியின் மேல் தட்டில் வைப்பது நல்லது.

கடைசியாக, அம்மாவைப் பயமுறுத்திய டி.எஸ்.எச். தைராய்டு ஏன் இந்தப் பேச்சில் நுழைந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. தைராய்டு சுரக்கும், ஆனால் உடல் அதற்குச் சரியாகப் பதிலளிக்காது. பரம்பரையாக வரும் ஓர் எதிர்ப்பு நோய் அது. 1993இல் பீட்டர் ஹவுசர் குழு அந்நோய் உள்ள குடும்பங்களை ஆராய்ந்தது. நோயுள்ள பிள்ளைகளில் 70 விழுக்காட்டினருக்கு ஏ.டி.எச்.டி. வரையறை பொருந்தியது, அதே குடும்பங்களில் நோயில்லாத பிள்ளைகளுக்கு 20 விழுக்காடு. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இது வந்ததும் கவனக்குறைவு என்றால் தைராய்டைப் பார் என்ற பழக்கம் பலப்பட்டது. ஆனால் அந்த எதிர்ப்பு நோய் சுமார் 40,000 பேரில் ஒருவருக்கு வருவது. அந்நோய் உள்ளவர்களில் ஏ.டி.எச்.டி. அதிகம் என்பதால், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் அந்நோய் அதிகம் என்று ஆகிவிடாது. வேறு அறிகுறி இல்லாத பிள்ளைக்கு வழக்கமாகத் தைராய்டு சோதனை தேவையில்லை என்பதே இன்றைய நிலை.

எப்போது தேவை? நன்றாக எழுதிய பிள்ளையின் கையெழுத்து சில மாதங்களில் கோணலாகிறது, விரல் நடுங்குகிறது, நிறையச் சாப்பிட்டும் எடை குறைகிறது, தூங்கும்போதும் நாடி வேகமாக ஓடுகிறது, கழுத்து முன்பக்கம் வீங்கியிருக்கிறது என்றால் உடனே பார்க்க வேண்டும். அது தைராய்டு மிகையாகச் சுரப்பது. இது தெரியாமல் அந்தப் பிள்ளைக்கு மெத்தில்பெனிடேட் என்ற ஏ.டி.எச்.டி. மருந்தைக் கொடுத்தால் ஏற்கெனவே ஓடும் நாடி இன்னும் ஓடும். தைராய்டு குறைந்தால் எதிர்மாறு: உயரம் நின்றுபோகும், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, மெதுவான பேச்சு. இந்தப் பிள்ளை துறுதுறுப்பாக இருக்காது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பள்ளியில் எடுத்து வைத்திருக்கும் உயர அளவுகளைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கதிருக்கு இவை எதுவும் இல்லை. உயரம் தன் கோட்டிலேயே ஏறிவந்திருக்கிறது. டி.எஸ்.எச். 5 என்பது பிள்ளைகளில் பல சமயம் தானாக இறங்கிவிடும். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது 3.4. மாத்திரை தேவைப்படவில்லை. இந்த இடத்தில் பெரியவர்களுக்கு ஒரு செய்தி: முடி உதிர்வுக்காக விற்கும் பயோட்டின் மாத்திரை சில ஆய்வகக் கருவிகளை ஏமாற்றி, தைராய்டு மிகையாகச் சுரப்பதுபோல் எண்களைக் காட்டும். சோதனைக்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்திவிட வேண்டும்.

வேறு சிலவற்றையும் சில நிமிடத்தில் ஒதுக்கிவிடலாம். பேச்சின் நடுவில் பத்து நொடி வெறித்துப் பார்த்து, எதுவும் நடக்காததுபோல் தொடரும் பிள்ளைக்கு ஒருவகை வலிப்பு இருக்கலாம்; மருத்துவர் முன் மூன்று நிமிடம் வேகமாகக் காகிதத்தை ஊதச் சொன்னால் அது பெரும்பாலும் அங்கேயே வந்துவிடும். பெயர் சொல்லித் தோளைத் தொட்டால் திரும்பிவிடுகிறது என்றால் அது வெறும் கனவு காணல்தான். காதுக்குள் நீர் தேங்கிய பிள்ளை சொன்னதைக் கேட்காது, பார்வை மங்கிய பிள்ளை பலகையைப் பார்க்காது. ஆஸ்துமாவுக்கான மாத்திரையோ சிரப்போ, ஸ்டீராய்டோ தொடங்கிய பிறகு ஆட்டம் கூடியதா என்றும் கேட்க வேண்டும்.

பெரியவர்களுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது காலத்தைப் பற்றித்தான். 35 வயதில் முதன்முதலாகக் கவனம் சிதறுகிறது, பள்ளியில் எந்தப் பிரச்சினையும் இருந்ததில்லை என்றால், அது ஏ.டி.எச்.டி.யாக இருக்கும் வாய்ப்பு குறைவு. பிரசவம் ஆகி ஓராண்டுக்குள் என்றால் தைராய்டையும் ஃபெரிட்டினையும் பார்ப்பதில் நியாயம் உண்டு. மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிறவருக்கும் ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். கழுத்து தடித்து, ரத்த அழுத்தமும் ஏறி, மனைவி வேறு அறைக்குப் போய்விட்டார் என்றால் முதலில் தூக்க ஆய்வு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குறட்டை இல்லை, கால் குடைச்சல் இல்லை, வளர்ச்சி சீராக இருக்கிறது, மூன்று வயதிலிருந்தே இப்படித்தான், அப்பாவும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தார் என்றால், சோதனைமேல் சோதனையாக எடுத்து ஆறு மாதத்தைக் கழிப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். அங்கே ஏ.டி.எச்.டி. சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

கதிருக்கு அறுவை முடிந்து ஆறு மாதம் கழித்து, அதே ஆசிரியரிடம் அதே படிவத்தை மறுபடி கொடுத்தார்கள். துறுதுறுப்பு 6லிருந்து 2. கவனக்குறைவு 7லிருந்து 5. ஃபெரிட்டின் 48, கால் அமுக்கச் சொல்வதில்லை. அறுவையால் வந்ததா, இரும்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ததற்கான விலை அது. வரையறைக்குக் கீழே வந்துவிட்டான், ஆனால் ஒரே ஓர் எண்தான் கீழே. அறுவைக்குப் பிறகும் சிலருக்குக் குறட்டை திரும்பும் என்பதால் பாட்டி விடியற்காலையில் மீண்டும் ஒரு காணொளி எடுத்து அனுப்பினார்; மூச்சு சத்தமில்லாமல் ஓடுகிறது. மருத்துவர் ஏ.டி.எச்.டி. என்ற சொல்லைக் கோப்பிலிருந்து அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, மூன்றாம் வகுப்பின் முதல் பருவம் முடிந்ததும் புது ஆசிரியரின் படிவத்தோடு வரச் சொன்னார்.